கதை வரி காட்சியாகும்போது

சிறுகதையைத் திரைக்கதை வடிவுக்கு மாற்றும்போது முதலில் பிரிக்க வேண்டியவை இடமும் பொழுதும். ‘மகனின் மணியார்டருக்காக இரண்டு நாளாகக் காத்திருந்த செல்லம்மாள், தபால்காரர் நிற்காமல் போனதும் மனம் உடைந்தாள்’ என்று கதையில் ஒரே வரி இருக்கலாம். திரைக்கதையில் அது ‘வெளி – செல்லம்மாள் வீட்டுத் திண்ணை – பகல்’ என்ற காட்சித் தலைப்போடு தொடங்கும். அதன் கீழே, கண்ணுக்குத் தெரிவதும் காதில் விழுவதும் மட்டும் நிகழ்காலத்தில் வரும்: சைக்கிள் மணி ஒலிக்கிறது. செல்லம்மாள் எழுந்து படியிறங்குகிறாள். பிறகு பக்கத்தின் நடுவே பேசுபவர் பெயர். அதற்கடியில், இருபுறமும் ஓரம் விட்டு வசனம்:

          செல்லம்மாள்
     நமக்கு ஏதும் இருக்கா தம்பி?

          தபால்காரர்
     நாளைக்குப் பாப்போம், ஆத்தா.

‘இரண்டு நாளாக’, ‘மனம் உடைந்தாள்’ ஆகியவற்றைக் கேமரா பிடிக்காது. அவற்றை அப்படியே வசனத்தில் திணிப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நேரும் பெரிய தவறு. அதே திண்ணையில் வேறு புடவையோடு அவள் காத்திருக்கும் குறுங்காட்சியை முன்னால் வைத்தால் நாள் கடந்தது புரியும். கடைக்கென்று எடுத்த பையை அவள் மறுபடி ஆணியில் மாட்டினால் ஏமாற்றம் தெரியும். ஆணி வீட்டுக்குள் இருந்தால், ‘உள்’ என்று தொடங்கும் இன்னொரு தலைப்பும் அங்கே வேண்டும்.