'ஃப்ரீ'ன்னு போட்டிருந்தா போதுமா?

நம்மள்ல நிறைய பேர் ஊர்க் கடைகளோட பேஜுக்கு கேரௌசல் செஞ்சு தர்றோம். படத்தையும் ஃபான்ட்டையும் எடுக்கும்போது 'ஃப்ரீ' என்ற ஒரு வார்த்தையோட நிறுத்திக்கிறோம். அது போதாது என்பது என் கருத்து. ஏன்னா காப்பிரைட் புகார் வந்தா, போஸ்ட் போறது நம்ம பேஜ்ல இல்ல, கடைக்காரரோட பேஜ்ல. புகார் திரும்பத் திரும்ப வந்தா அக்கவுன்ட்டே போயிடலாம்.

அரிமளத்துல ஒரு பலகாரக் கடைக்கு ஐந்து ஸ்லைடு செய்யறோம்னு வச்சுக்குவோம். முதல் ஸ்லைடுக்கு பக்கத்து ஊர் திருமயம் கோட்டை படம் வேணும். கூகுள் இமேஜஸ்ல Tools, அப்புறம் Usage Rights போய் Creative Commons licenses தேர்ந்தெடுக்கலாம். ஆனா அது வெறும் வடிகட்டிதான். படம் இருக்கும் அசல் பக்கத்தைத் திறந்து, அங்கே எழுதியிருக்கும் லைசன்ஸைப் படிக்கணும்.

அங்கே NC என்று இருந்தால் அந்தப் படத்தை விட்டுடுங்க. விலையே போடாத ஸ்லைடா இருந்தாலும், கடைக்கு ஆள் வரவைக்கத்தானே அது? ND என்றால் படத்தை மாற்றி வெளியிடக் கூடாது. CC BY-SA 4.0 என்றால் கடைக்குப் பயன்படுத்தலாம். ஆனா எடுத்தவர் பெயர், லைசன்ஸ் பெயர், அதோட லிங்க், நாம என்ன மாத்தினோம் என்பதைச் சொல்லணும். படத்தைத் திருத்திப் புது டிசைன் ஆக்கினா, அதையும் அதே லைசன்ஸ்ல விடணும். நாளைக்கு எதிர்க்கடை அந்தக் கோட்டை டிசைனை எடுத்தா நம்ம கடைக்காரர் கேட்க முடியாது. இதை அவர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும்.

கடைசியில இருக்கும் எண்ணையும் பாருங்க. பழைய 2.0 லைசன்ஸ்ல நிபந்தனையை மீறினா உரிமை உடனே போயிடும். 4.0-ல, தவறு தெரிஞ்ச 30 நாளுக்குள்ள சரிசெஞ்சா உரிமை தானாகத் திரும்பி வரும். அதுவரை நடந்த மீறலுக்குப் பொறுப்பு மட்டும் தீராது. அதனால 2.0 படத்துல கிரெடிட்டை 'அப்புறம் போடலாம்'னு தள்ளவே கூடாது.

ஃபான்ட் இதைவிட எளிது. டவுன்லோட் பண்ண ஜிப்பைத் திறந்து உள்ளே இருக்கும் டெக்ஸ்ட் ஃபைலைப் படிங்க. கூகுள் ஃபான்ட்ஸ்ல கிடைக்கும் Noto Sans Tamil, Catamaran இரண்டும் OFL லைசன்ஸ்ல வருது. அதை வச்சு செஞ்ச ஸ்லைடைக் கடைக்குத் தரலாம், கிரெடிட்கூட வேண்டாம். ஃபான்ட் ஃபைலைத் தனியா விற்கத்தான் கூடாது. 'Free for personal use' என்று போட்ட ஃபான்ட் இதுக்கு நேர் எதிர். உங்க பிறந்தநாள் வாழ்த்துக்கு சரி, முறுக்குக் கடை போர்டுக்கு ஆகாது. எழுத்தாளரிடம் கமர்ஷியல் லைசன்ஸ் வாங்கணும், இல்லன்னா வேற ஃபான்ட் பார்க்கணும்.

'சின்ன ஊர்க் கடையை யார் பார்க்கப் போறாங்க?' என்பாங்க. பேஜ் திறக்கறதே ஊருக்கு வெளியே இருக்கறவங்க பார்க்கணும்னுதானே? படம் எடுத்தவரும் அங்கேதான் இருக்கார்.

டிசைன் ஃபைலோட ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் சேர்த்துக் கொடுங்க. ஒவ்வொரு படத்துக்கும் ஃபான்ட்டுக்கும் எங்கே எடுத்தது, யாருடையது, எந்த லைசன்ஸ், எந்தத் தேதி என்று ஒரு வரி. நாம வேலை கிடைச்சு வேற ஊர் போன பிறகு புகார் வந்தா, கடைக்காரர் கையில அந்த ஒரு ஃபைல்தான் இருக்கும்.