எதிர் ஃபிளாட்டுக்கு ஒரு மெசேஜ்

சென்னையில் ஒரு அபார்ட்மென்ட். எதிர் ஃபிளாட்டுக்குக் கைக்குழந்தையோடு ஒரு தம்பதி குடிவந்தார்கள். செக்ரட்டரியிடம் நம்பர் வாங்கிய ரிட்டயர்டு டீச்சர், முதலில் தட்டியது: 'எந்த ஊர்? என்ன வேலை? வாடகை எவ்வளவு?'

படித்துப் பார்த்தால் போலீஸ் விசாரணை மாதிரி இருந்தது. அழித்துவிட்டார். (வாடகை எப்படியும் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்!)

பிறகு அனுப்பியது இது:

'வாங்கம்மா. எதிர் வீட்டு டீச்சர். கிச்சன்ல ஓரமா இருக்கிற சின்னக் குழாய்தான் மெட்ரோ வாட்டர். காலையில 6.30 முதல் 7.30 வரைதான் வரும். பிடிச்சு, காய்ச்சிக் குடிங்க. மத்த குழாயெல்லாம் போர் தண்ணி, ஒரே உப்பு. பாப்பாவுக்குப் பால் கலக்க அதை எடுத்துடாதீங்க. ராத்திரிக்குக் காய்ச்சின தண்ணி எங்க வீட்ல இருக்கு. பதில் போட அவசரமில்ல.'

பதில் வரவில்லை. பத்து நிமிடத்தில் காலிங் பெல் அடித்தது. வாசலில் ஃபிளாஸ்க்கோடு அந்தப் பெண்.

"நல்லவேளை டீச்சர், இப்பதான் அந்தத் தண்ணிய அடுப்புல வெச்சேன்."