கன்சல்டன்ட்டும் கணக்குச் சொல்ல வேண்டும்

புணேவுக்கு வடமேற்கே தளேகாவில் இருக்கும் தன் ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸ் 2020 டிசம்பரில் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2023 ஆகஸ்டில் அந்த ஆலையை வாங்க ஹூண்டாய் ஒப்பந்தம் செய்தது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கால் நூற்றாண்டாகக் கார் செய்துவரும் அதே நிறுவனம்தான். இன்று புதிய வென்யூ கார்கள் தளேகாவிலிருந்து வெளியே வருகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் வாகன உதிரிபாகத் துறையில் வேலை தேடிய எத்தனையோ பேருக்கு ஆட்தேர்வு கன்சல்டன்ட்டுகள், “இப்போதைக்கு ஒன்றுமில்லை, வந்தால் சொல்கிறேன்” என்று பதில் சொல்லியிருப்பார்கள். அது அன்றைய சந்தைக்கான பதில். சந்தை மாறிய பிறகும் அதையே கடைசிப் பதிலாக எடுத்துக்கொண்டு ஒதுங்கியிருக்க யாருக்கும் அவசியமில்லை.

புணேவில் ரயில்வேயும் ராணுவமும் வளர்த்த பேட்டை கோர்படி. கண்டோன்மென்டையும் ரயில் யார்டையும் ஒட்டித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. இன்றைய தலைமுறையில் பலருக்குப் பிழைப்பு தனியார் துறையில்தான்: முண்ட்வாவின் பட்டறைகள், மகர்பட்டா, கராடியின் ஐ.டி. வளாகங்கள், சாக்கன், தளேகாவ் ஆலைகள். அந்த வேலைகளில் நடுத்தர, மேல்மட்டப் பதவிகள் பலவும் கன்சல்டன்ட் வழியாகவே நிரப்பப்படுகின்றன. எனவே, முன்பு பழகிய கன்சல்டன்ட்டிடம் நீண்ட இடைவெளிக்குப் பிறகு மறுபடி கேட்கலாமா என்ற தயக்கம் அங்கே சின்ன விஷயம் அல்ல. கேட்கத்தான் வேண்டும் என்பது நம் நிலை. ஆனால் “எனக்கு ஏதாவது இருக்கிறதா?” என்று மட்டும் கேட்பது வீண். “என் விவரத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீர்கள்?” என்ற கேள்வியும் சேர வேண்டும். அதற்கு விடை சொல்வது கன்சல்டன்ட்டின் கடமையாக வேண்டும்.

ஏன் என்று புரிய, இந்தத் தொழிலில் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கன்சல்டன்ட்டுக்குச் சம்பளம் தருவது வேலை தேடுபவர் அல்ல, ஆள் தேடும் நிறுவனம். இங்கே பரவலாக நடப்பில் உள்ள கட்டணம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம். 18 லட்சம் சிடிசிக்கு ஒருவர் சேர்ந்தால் கன்சல்டன்சிக்கு ஒன்றரை லட்சம், அதன் மேல் ஜிஎஸ்டி. ஆள் சேராவிட்டால் ஒன்றும் கிடையாது. சேர்ந்தவர் மூன்று மாதத்துக்குள் விலகினால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். முன்பணம் வாங்கித் தேடும் ஏற்பாடு மிக உயர்ந்த பதவிகளுக்குத்தான். ஆகவே கன்சல்டன்ட்டின் நாள், கையில் இருக்கும் காலியிடத்துக்கு ஆள் தேடுவதில் கழிகிறது. நம் கையில் இருக்கும் ரெஸ்யூமேக்கு வேலை தேடுவது அவர் தொழிலே அல்ல. அவருடைய மௌனத்தைப் பகையாகவோ அவமதிப்பாகவோ எண்ணி நாம் கேட்காமல் இருந்தால் நஷ்டம் நமக்கே.

மௌனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. அவர் கம்பெனி மாறியிருக்கலாம். அப்போது நம் ரெஸ்யூமே பழைய கம்பெனியின் பட்டியலில் கிடக்கும், அவரிடம் இருக்காது. அவர் பார்க்கும் துறை மாறியிருக்கலாம். இல்லையென்றால், இடையில் நாம் சேர்ந்த நிறுவனமே அவருடைய வாடிக்கையாளராக இருக்கலாம். வாடிக்கையாளரின் ஆட்களை வெளியே இழுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவது இந்தத் தொழிலில் வழக்கம். அவர் கூப்பிடாததற்கு நம் தகுதி காரணமாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது ஒருவரை எடுத்துக்கொள்வோம். கோர்படியில் குடியிருக்கும், உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் 12 ஆண்டு அனுபவமுள்ள ஒரு பொறியாளர். 2022-ல் ஒரு கன்சல்டன்ட் மூலம் இரண்டு நேர்காணலுக்குப் போனார், எதுவும் கூடிவரவில்லை. இப்போது மறுபடி எழுதுகிறார். “சார், நல்லா இருக்கீங்களா, ஏதாவது ஓப்பனிங் இருக்கா?” என்ற செய்தி வந்தால் கன்சல்டன்ட் பழைய கோப்பைத் தேட வேண்டும், புதிய விவரம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். அவ்வளவு மெனக்கெட அவருக்கு நேரமில்லை. அதற்குப் பதிலாகப் பொறியாளர் இப்படி எழுதலாம்: “2022-ல் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் பதவிக்கு உங்கள் மூலம் நேர்காணலுக்குப் போனேன். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளாகச் சப்ளையர் தரம் முழுவதும் என் பொறுப்பு. நோட்டீஸ் பீரியட் 90 நாள், 60 ஆகக் குறைக்க வாய்ப்புண்டு. இப்போதைய சிடிசி 16 லட்சம், அதில் 2 லட்சம் மாறுபடும் பகுதி. எதிர்பார்ப்பது 20. தளேகாவ், சாக்கன் இரண்டுக்கும் தினமும் வந்துபோகத் தயார், ஊர் மாறத் தயாரில்லை. இந்த வகையில் இப்போது கையில் ஏதும் உண்டா?”

இதில் பணிவும் குறையவில்லை, கெஞ்சலும் இல்லை. கன்சல்டன்ட் தன் பட்டியலில் ஆள் தேடும்போது வடிகட்டுவது இந்த விவரங்களை வைத்துத்தான்: அனுபவ ஆண்டு, சம்பளம், நோட்டீஸ், ஊர். நகரின் கிழக்கே இருக்கும் கோர்படிக்காரர் வடமேற்கே இருக்கும் தளேகாவுக்கு வருவாரா என்ற சந்தேகமே அவர் பெயரை ஒதுக்கிவிடலாம். ஒரு வரியில் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. “புதிய ரெஸ்யூமே அனுப்புங்கள்” என்று மட்டும் பதில் வந்தால், எந்தப் பதவிக்கு, எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்கலாம். உண்மையில் காலியிடம் இருப்பவர் அதன் விவரக் குறிப்பைத் தருவார். இல்லாதவர் பட்டியலை நிரப்பிக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று காசு கேட்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கை, தொழிலாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஆனாலும் நேர்மையான கன்சல்டன்ட்டுகள் அந்த நெறியில்தான் நடக்கிறார்கள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரே காலியிடத்தை நிறுவனங்கள் பல கன்சல்டன்சிகளிடம் ஒரே நேரத்தில் தருகின்றன. ஒருவரின் ரெஸ்யூமேயை முதலில் அனுப்பியவருக்கே கட்டணம். அந்த உரிமை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை நீடிக்கும்படி ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. இதில் சிக்குவது வேலை தேடுபவர். நம் பொறியாளரின் ரெஸ்யூமேயை, அவரைக் கேட்காமலே யாரோ நான்கு மாதம் முன் ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறார் என்று வையுங்கள். இன்று அதே கம்பெனிக்கு அவர் நேராகவோ வேறொருவர் மூலமோ விண்ணப்பித்தால், அங்குள்ள கணினியில் “ஏற்கெனவே உள்ளது” என்று காட்டும். இரு கன்சல்டன்சிகளுக்கு இடையில் கட்டணத் தகராறு வேண்டாம் என்று மனிதவளத் துறை அவரையே தள்ளிவைக்கும். தகுதியான ஆள் தோற்றது ஏன் என்று அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கன்சல்டன்ட்டுகளிடம் நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பி வருபவருக்கு இந்த ஆபத்து கூடுதல். இடைப்பட்ட காலத்தில் தன் விவரம் எங்கெல்லாம் போனது என்பது அவருக்குத் தெரியாது.

இதற்கான கருவி சட்டத்தில் வந்துவிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, சம்மதத்தின் பேரில் தன் தரவைக் கொடுத்தவருக்கு, அது யார் யாருடன் பகிரப்பட்டது என்று கேட்டறியும் உரிமையைத் தருகிறது. 12-ஆவது பிரிவு திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். ரெஸ்யூமே என்பது பெயர், தொலைபேசி எண், சம்பளம், வேலை வரலாறு எல்லாம் அடங்கிய தனிநபர் தரவு. சட்டம் முழு வீச்சில் வரும் வரை கன்சல்டன்சிகள் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் கம்பெனி பெயரையும் பதவியையும் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குவதும், அனுப்பிய தேதியைப் பதிந்து, கேட்டால் சொல்வதும் இன்றே தொடங்கலாம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. ஒருவர் பதவியில் இருக்கும்போதே அவருக்குப் பதில் ஆள் தேடும் ரகசியத் தேடல்கள் உண்டு. அங்கே கம்பெனி பெயரைச் சொல்ல முடியாது என்பார்கள். நியாயம்தான். முதல் பேச்சில் பெயரை மறைக்கலாம். ஆனால் ஒருவரின் பெயரும் சம்பளமும் அந்தக் கம்பெனியின் மேசைக்குப் போகிறது என்றால், அதற்கு முன் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தன் சொந்த முதலாளியிடமே தன் ரெஸ்யூமே போய்ச் சேரும் விபத்தைத் தடுக்க வேறு வழி கிடையாது. தினமும் நூற்றுக்கணக்கில் வரும் செய்திகளுக்கெல்லாம் பதில் எழுத முடியாது என்பது இன்னொரு வாதம். முன்பின் தெரியாதவர்களின் செய்திக்கு அது பொருந்தும். தான் ஏற்கெனவே ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்த்த ஆளுக்கு, “இப்போது இல்லை” என்று ஒரு வரி எழுதுவது பெரிய பாரம் அல்ல.

நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. விலை பேசும்போது 8.33-ஐ ஏழாகக் குறைக்கப் பேரம் பேசும் மனிதவளத் துறைகள், சம்மதச் சான்று இல்லாத ரெஸ்யூமேயை ஏற்க மாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், கேட்காமல் அனுப்பும் பழக்கம் தானாக நிற்கும். ஏனென்றால் அப்படி அனுப்பினால் கட்டணம் கிடைக்காது. இரண்டு பேர் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பியிருந்தால், முந்தியவரை விட்டுவிட்டுச் சம்மதம் பெற்றவருக்குக் கட்டணத்தைக் கொடுக்கலாம். வேலை தேடுபவரைத் தண்டிக்க வேண்டாம்.

அதுவரை கோர்படிப் பொறியாளர் செய்ய வேண்டியது இதுதான். பழைய கன்சல்டன்ட்டுக்கு விவரத்தோடு எழுதட்டும். அதே செய்தியின் கடைசியில் இரண்டு வரி சேர்க்கட்டும்: “2022-க்குப் பிறகு என் ரெஸ்யூமேயை எந்தெந்த கம்பெனிக்கு, எப்போது அனுப்பினீர்கள் என்று சொல்லுங்கள். இனி என்னைக் கேட்காமல் எங்கும் அனுப்ப வேண்டாம்.” பதில் வந்தால் அவரோடு தொடரலாம். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராவிட்டால், வேறு கன்சல்டன்ட்டைத் தேடலாம். தளேகாவிலும் சாக்கனிலும் ஆள் தேடுபவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.