அப்பாவுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு

சிட்லபாக்கத்தில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னால், “எல்லாம் என் ஞாபகத்தில் இருக்கும்மா” என்று முடித்துவிடுவார். அதனால் மகள் கடிதமே எழுதிவிட்டாள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டும் அனுப்பினாள்.

சிக்கனம் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அப்பா சொன்ன தொகைகளை வைத்தே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியிருந்தாள்.

“மாத முதல் தேதி உங்கள் கையில் இருந்தது 1,200 ரூபாய். ஏ.டி.எம்.மில் எடுத்தது 10,000. மாதக் கடைசியில் மீதி 900. அப்படியானால் செலவு 10,300. பால், காய்கறி, தண்ணீர் கேன், ஆட்டோ, வேலைக்கார அம்மா சம்பளம் என்று நீங்கள் நினைவுபடுத்திச் சொன்னது 7,700தான். மிச்சம் 2,600 எங்கே போச்சுப்பா? தொலையவில்லை, டீ, பூ, பழம், மோட்டார் பார்க்க வந்தவருக்குக் கொடுத்தது என்று சில்லறையாகப் போயிருக்கும். சில்லறை ஞாபகத்தில் நிற்காது.”

அடுத்தது, மாதாமாதம் வராத செலவு. கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2,400. சொத்து வரி ஆறு மாதத்துக்கு 1,800. மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வருடத்துக்கு 36,000. மாதக் கணக்கில் பிரித்தால் 1,200, 300, 3,000, மொத்தம் 4,500.

“பில் வராத மாதம் இந்த 4,500 மிச்சம் மாதிரி தெரிகிறது, செலவாகிவிடுகிறது. பிரீமியம் கட்டும் மாதம் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்கிறீர்கள், வட்டி குறைகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த மூன்றையும் எழுதி, பென்ஷன் வந்ததும் 4,500ஐத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.”

எழுதும் முறையையும் சொல்லியிருந்தாள். தேதி, எதற்கு, எவ்வளவு என்று மூன்றே பத்தி. போனில் கட்டிய பணத்தையும் எழுத வேண்டும். போன் கடை பெயரைத்தான் காட்டும், வாங்கியது அரிசியா மிக்சரா என்று காட்டாது. இரவு படுக்கும் முன் பர்ஸை எண்ணிப் பார்க்க வேண்டும். இருபது, முப்பது இடித்தால் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிடலாம்.

“வாரக் கடைசியில் சேர்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். எல்லாத் தொகையும் ஐம்பது, நூறு என்று முழுசாக இருக்கும். அன்றன்றைக்கு எழுதின நோட்டில் 37ம் 64ம் இருக்கும்.”

மூன்று மாதம் எழுதிப் பார்க்கச் சொன்னாள். ‘தெரியவில்லை’ என்ற தொகை மாதம் இருநூறுக்குள் வந்துவிட்டால், பெரிய செலவுகளை மட்டும் எழுதினால் போதும் என்றும் விட்டுக்கொடுத்திருந்தாள்.

கடைசியாக ஒரு வரி: “நோட்டை அம்மா கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்ப்பா. உங்களுக்கு ஒரு வாரம் ஜுரம் வந்து படுத்தால், எந்த பில் எந்தத் தேதி என்று அவளுக்கு இன்றைக்குத் தெரியாது.”