தவணை "மாற்றப்பட்டுள்ளது" என்றால் கூடியதா, குறைந்ததா?



என்னிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்த ஒருவன் இப்போது வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறான். போன வாரம் ஒரு அறிவிப்பின் வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஐயா, ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள்" என்றான். அது இது:

"ரெப்போ விகித மாற்றத்தைத் தொடர்ந்து தங்கள் கடனுக்கான வட்டி 50 அடிப்படைப் புள்ளிகள் திருத்தியமைக்கப்பட்டு, மாதத் தவணை அதற்கேற்ப மாற்றப்பட்டுள்ளது. விவரங்களுக்குக் கிளையை அணுகவும்."

ஒற்றுப்பிழை ஒன்றுமில்லை. ஆனால் தவணை கூடியதா குறைந்ததா என்றுகூட அதில் இல்லை. 50 அடிப்படைப் புள்ளி என்றால் அரை சதவீதம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு உடனே அக்கா மகள் ஞாபகம்தான் வந்தது. 2022-இல் ரிசர்வ் வங்கி ரெப்போவை அடுத்தடுத்து உயர்த்தியது. செப்டம்பர் 30 அன்று மட்டும் 5.40-லிருந்து 5.90 ஆக்கினார்கள். அவள் வீட்டுக் கடனில் மீதி 20 லட்சம், 180 தவணை. மாதம் 19,695 ரூபாய் போகும். சம்பளம் வருவது வேறொரு வங்கியில். கடனுக்கென்று தனிக் கணக்கு வைத்து, மாதாமாதம் மூன்றாம் தேதி இருப்பு சரியாக 20,000 ஆகும்படி போட்டுவைப்பாள். அவளுக்கும் இதே மாதிரி ஒரு குறுஞ்செய்தி வந்தது, படித்தாள், விட்டுவிட்டாள். வட்டி 8.50-லிருந்து 9.00 ஆகி, தவணை 20,285 ஆகியிருந்தது. ஐந்தாம் தேதி பணம் இல்லையென்று திரும்பியது. 285 ரூபாய் குறைவுக்கு இரண்டு வங்கியிலும் அபராதம், அதற்கு ஜிஎஸ்டி வேறு. அன்று அவள் அழுதது பணத்துக்காக அல்ல. ஒரு தவணைகூடத் தவறாதவள் அவள்.

ஆகவே பையனுக்கு அவள் கணக்கையே வைத்து இப்படி மாற்றி எழுதி அனுப்பினேன்:

"1234 என முடியும் உங்கள் வீட்டுக் கடன்: டிசம்பர் 5 முதல் எடுக்கப்படும் தவணை ரூ.20,285. இதுவரை ரூ.19,695. மாதம் ரூ.590 கூடுகிறது. வட்டி 8.50 சதவீதத்திலிருந்து 9.00 ஆக உயர்ந்ததே காரணம். மீதித் தவணைகள் 180, அதில் மாற்றமில்லை. பழைய தவணையே தொடர வேண்டுமானால் 192 தவணை ஆகும். நவம்பர் 25-க்குள் கிளையில் சொல்லுங்கள்."

பழைய தொகையை ஏன் எழுத வேண்டும் என்று கேட்டான். புதிய தொகை மட்டும் இருந்தால், "இதுதானே எப்போதும் போவது" என்று கண் தாண்டிவிடும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் உறைக்கும். வித்தியாசத்தையும் நாமே கழித்துச் சொல்லிவிட வேண்டும்.

கடைசி வரியில்தான் பெரிய காசு இருக்கிறது. தவணையைக் கூட்டிக்கொண்டால் 590-ஐ 180 மாதம் கட்டுவது, மொத்தம் 1,06,200 ரூபாய் கூடுதல். தவணையைத் தொடாமல் காலத்தை நீட்டினால் ஏறக்குறைய 12 மாதம் கூடுகிறது. அது சுமார் 2,34,000 ரூபாய். "தவணை மாறவில்லை" என்பது காதுக்கு இனிமையாக இருக்கும், செலவு இரண்டு மடங்குக்கு மேல். கையில் மாதம் 590 இல்லாதவருக்கு நீட்டிப்பு தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கியும், தவணையோ காலமோ கூடினால் கடன்தாரருக்கு உடனே தெரிவிக்க வேண்டும், எதைக் கூட்டுவது என்ற விருப்பத்தை அவரிடம் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

இன்னொன்றும் சேர்க்கச் சொன்னேன். வேறு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க நாம் கையெழுத்திடும் அனுமதிப் படிவத்தில் அதிகபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும். புதிய தவணை அதைத் தாண்டினால், கணக்கில் லட்சம் இருந்தாலும் திரும்பிவிடும். "பழைய அனுமதியே போதும்" அல்லது "புதுப் படிவம் தேவை" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

பையன் சிரித்தான். "ஐயா, தமிழில் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 70 எழுத்துக் குறிகள்தான். இவ்வளவும் போனால் ஐந்து எஸ்.எம்.எஸ் கணக்காகும், மேலே ஒத்துக்கொள்ள மாட்டார்கள்." நியாயம்தான். அப்படியானால் கடன் எண், புதிய தொகை, பழைய தொகை, தேதி, இவை நான்கும் எஸ்.எம்.எஸ்ஸில்; மற்றவை கடிதத்தில் என்றேன். லிங்க் மட்டும் வைக்காதே, மோசடிக்காரன் அனுப்பியது என்று அழித்துவிடுவார்கள் என்றும் சொன்னேன். மேலதிகாரியிடம் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான்.

உங்களில் யாருக்காவது இப்படி வந்த செய்தி போனில் இருந்தால், கணக்கு எண்ணை மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். அவனிடம் காட்ட உதவும்.