மூன்று கொட்டேஷன், ஒரே கை

"மூணு கொட்டேஷன் வேணுமா சார்? நீங்க எதுக்கு அலையறீங்க, நானே போட்டுத் தர்றேன்." பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரைக்கும் மோட்டார், பைப், கேபிள் வாங்கப் போனவர்கள் இந்த வசனத்தை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வாடிக்கையாளருக்கு உதவுவதாகவே நினைக்கிறார். மேஜை டிராயரைத் திறந்தால் மைத்துனர் கடை லெட்டர்பேடு, நண்பர் கடை லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் தயாராக இருக்கும். வாங்க வந்தவரும் "ஃபார்மாலிட்டிதானே" என்று வாங்கி ஃபைலில் வைத்துவிடுகிறார். அந்த ஃபைலில் என்ன நடந்திருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் நடக்கக்கூடியது. திருவொற்றியூரில் இருபத்து நான்கு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடி. போர்வெல் மோட்டார் எரிந்துவிட்டது. ஐம்பதாயிரத்துக்கு மேல் செலவு செய்தால் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பது சங்கத்தின் விதி. செயலாளர் தெரிந்த கடைக்குப் போகிறார். சப்மெர்சிபிள் மோட்டார் 38,400 ரூபாய், கேபிள் 9,600, ஸ்டார்ட்டர் பேனல் 7,500, பழையதை வெளியே எடுத்துப் புதியதை இறக்கும் கூலி 6,000. மொத்தம் 61,500. கடைக்காரர் கூடவே இன்னும் இரண்டு தாள்கள் கொடுக்கிறார். ஒன்றில் 64,575, இன்னொன்றில் 67,650. கமிட்டி கூடுகிறது. மூன்றையும் பார்க்கிறது. குறைந்த விலைக்கு ஒப்புதல் தருகிறது.

இதில் செயலாளர் ஒரு பைசா எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மோட்டாரும் நல்ல மோட்டார்தான். அப்படியானால் குற்றம் எங்கே? கமிட்டியில் இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டது மோட்டாருக்கு மட்டும் இல்லை. "மூன்று இடத்தில் கேட்டோம், இதுதான் குறைவு" என்ற சேதிக்கும் சேர்த்துத்தான். அந்தச் சேதி பொய். 61,500 நியாயமான விலையா, பத்தாயிரம் அதிகமா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது, செயலாளருக்கும் தெரியாது. அவர் வேறு எங்கும் கேட்கவே இல்லையே! தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகக் காட்டி, இருபத்து நான்கு குடும்பத்தின் பணத்தை வெளியே எடுக்க வைத்திருக்கிறது அந்த இரண்டு தாள்.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு ஏமாற்றுதல் பற்றியது. 336 பொய் ஆவணம் தயாரிப்பது பற்றியது. அதைப் பொய் என்று தெரிந்தே உண்மையானதாகப் பயன்படுத்துவது 340. பொய் ஆவணத்தைக் காட்டி ஒருவரைப் பணத்தையோ பொருளையோ கொடுக்க வைப்பதும் 336-ன் விளக்கத்துக்குள் வருகிறது. ஏமாற்றுவதற்காக அப்படி ஆவணம் தயாரித்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடம் உண்டு. வேலை பார்க்கும் நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தையோ தாள்களையோ மோசடி நோக்கத்தோடு திரிக்கும் குமாஸ்தா, அலுவலர், ஊழியர்களுக்கு 344 இருக்கிறது. எந்தப் பிரிவு யாருக்குப் பொருந்தும் என்பது அந்தந்த வழக்கின் விவரத்தையும், நோக்கம் நிரூபணமாவதையும் பொறுத்தது. மணலி, எண்ணூர் தொழிற்சாலைகளில் பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர்களுக்குப் போலீஸ் வரை போகவேண்டிய அவசியம்கூட இல்லை. உள்தணிக்கையில் பிடிபட்டாலே வேலைக்கு ஆபத்து.

"சார், அந்த இரண்டு கடையும் உண்மையான கடைதான், அவங்களே ஸ்டாம்பு போட்டுக் கொடுத்தாங்க" என்று சிலர் சொல்வார்கள். அதுவும் காப்பாற்றாது. ஜெயிக்கும் எண்ணமே இல்லாமல், இன்னொருவர் ஜெயிப்பதற்காக அதிக விலை எழுதிக் கொடுப்பதும் கூட்டுச்சதிதான். இதற்குப் புனேயில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. புனே மாநகராட்சி, குப்பையைப் பதப்படுத்தும் ஆலைகளை அமைக்க 2014 டிசம்பர் முதல் 2015 மார்ச் வரை டெண்டர்கள் விட்டது. நாகரிக் சேத்னா மஞ்ச் என்ற அமைப்பு இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. விசாரித்ததில், போட்டியாளர்களாகக் காட்டப்பட்ட நிறுவனங்களின் விண்ணப்பங்கள் ஒரே இணைய முகவரியிலிருந்து ஏற்றப்பட்டிருந்தன. முன்பணத்துக்கான டிமாண்ட் டிராஃப்டுகள் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. சிலர் போட்டியிடவே இல்லை, ஒப்புக்குத்தான் விலை கொடுத்தார்கள் என்று முடிவு செய்து 2018 மே மாதம் ஆணையம் அபராதம் விதித்தது.

மாநகராட்சி டெண்டரில் இணைய முகவரி காட்டிக்கொடுத்தது என்றால், நம் மோட்டார் ஃபைலில் எண்களே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது தாளை எடுங்கள். மோட்டார் 40,320, கேபிள் 10,080, பேனல் 7,875, கூலி 6,300. முதல் தாளோடு வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியும் சரியாக ஐந்து சதவீதம் கூடுதல். மூன்றாவது தாளில் ஒவ்வொரு வரியும் பத்து சதவீதம். உண்மையான கடைகள் இப்படி இருக்காது. ஒருவரிடம் பழைய ஸ்டாக் கேபிள் இருக்கும், அதில் மலிவாகக் கொடுப்பார். இன்னொருவருக்குச் சொந்தமாக ஆள் இருப்பதால் கூலி குறைவு, ஆனால் பேனலை வெளியே வாங்கவேண்டும். மொத்தம் ஏறினாலும் சில வரிகள் இறங்கும். எல்லா வரியும் ஒரே அளவில் ஏறினால், அது ஒருவர் கால்குலேட்டரில் பிறந்தது என்று சந்தேகப்படலாம். மூன்று தாளிலும் 'சப்மெர்சிபிள்' ஒரே மாதிரி எழுத்துப்பிழையோடு இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

அடுத்தது ஜிஎஸ்டி எண். பதினைந்து இடம் கொண்டது. முதல் இரண்டு எண் மாநிலத்துக்கானது, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் உரிமையாளரின் பான் எண். இரண்டு கடைப் பெயர்கள் வேறாக இருந்து, அந்தப் பத்து இடமும் ஒன்றாக இருந்தால், இரண்டும் ஒருவருடைய கடைதான். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது இரண்டு கொட்டேஷன் இல்லை, ஒன்று. ஜிஎஸ்டி இணையதளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் எண்ணைப் போட்டால் சட்டபூர்வப் பெயர், கடைப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வந்துவிடும். போன வருடமே பதிவு ரத்தான கடை இந்த மாதம் கொட்டேஷன் கொடுத்திருந்தால், மேற்கொண்டு சொல்லவேண்டுமா? சிறிய கடைகளுக்கு ஜிஎஸ்டி பதிவே இல்லாமல் இருக்கலாம், அது தவறில்லை. அப்போது தாளில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து, "இந்தத் தேதியில் இந்த மோட்டாருக்கு விலை கொடுத்தீங்களா?" என்று கேட்டாலே போதும்.

சரி, உண்மையான கொட்டேஷன் வாங்குவது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம் கடையில் இல்லை, நாம் கேட்கும் விதத்தில்தான். "அஞ்சு ஹெச்.பி. மோட்டார் என்ன விலை?" என்று மூன்று கடையில் கேட்டால் மூன்று வெவ்வேறு பொருளுக்கு விலை வரும். ஒப்பிடவே முடியாது. அதனால் முதலில் ஒரு பக்கத்தில் தேவையை எழுதுங்கள். போர்வெல் குழாயின் அகலம் எத்தனை அங்குலம், ஆழம் எவ்வளவு, கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மேல்தொட்டி எத்தனை அடி உயரம், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, கேபிள் எத்தனை மீட்டர், பேனல் வேண்டுமா, பழையதை எடுக்கும் கூலி சேர்த்தா, ஜிஎஸ்டி சேர்த்தா, வாரண்டி எத்தனை மாதம், விலை எத்தனை நாள் செல்லும். திருவொற்றியூர் மாதிரிக் கடலோரப் பகுதி என்றால் தண்ணீரில் உப்பு இருப்பதையும் எழுதுங்கள். துருப்பிடிக்காத பாகங்கள் கொண்ட மோட்டாருக்கும் சாதாரண மோட்டாருக்கும் விலை வேறு. இதை எழுதாமல் விட்டால் மலிவானது ஜெயித்துவிட்டு, சீக்கிரமே மறுபடி வெளியே வரும்.

அந்த ஒரே தாளை ஐந்து கடைகளுக்கு, ஒரே நாளில், ஒரே கடைசித் தேதியோடு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். ஏன் ஐந்து? எல்லோரும் பதில் போடமாட்டார்கள், மூன்று வந்தால் நல்லது. செயலாளர் மட்டும் அனுப்பாமல், பொருளாளருக்கும் ஒரு நகல் போகட்டும். கடைசித் தேதி முடிந்த பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து பாருங்கள். அதுவரை ஒருவர் விலையை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது. "அவர் அறுபதுக்குத் தர்றார், நீங்க?" என்று கேட்ட நிமிடமே உங்கள் போட்டி முடிந்துவிட்டது. அடுத்தவர் 59,500 என்பார், அவ்வளவுதான்.

வந்த விலைகளை ஒரே அட்டவணையில் வரி வரியாக எழுதுங்கள். குறைந்த விலையைத்தான் எடுக்கவேண்டும் என்று எழுதப்படாத விதி எதுவும் இல்லை. இரண்டாயிரம் அதிகமானாலும் வாரண்டி ஆறு மாதம் கூடுதலாக இருந்தால் அதை எடுக்கலாம். காரணத்தை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

பலரும் பொய்த்தாளுக்குப் போவது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை, கொட்டேஷன் வராத பயத்தால்தான். தண்ணீர் இல்லாத வீட்டில் இருபத்து நான்கு குடும்பமும் கத்திக்கொண்டிருக்கும்போது, மூன்றாவது கடைக்காரர் போனையே எடுக்கமாட்டார். அப்போது உண்மையை எழுதுங்கள். "ஐந்து பேருக்கு அனுப்பினோம், இரண்டு பேர் பதில் தந்தார்கள், மூன்று பேர் தரவில்லை. அவசரம் கருதி இந்த இரண்டில் ஒன்றை எடுக்கிறோம்." அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியின் படத்தைக் கூடவே வையுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையா? நேரில் போய்க் கேட்டவர் தன் பெயரில், "14-ம் தேதி நேரில் கேட்டேன், வாய்மொழியாக இந்த விலை சொன்னார்" என்று குறிப்பு எழுதலாம். அது கடைக்காரரின் கொட்டேஷன் என்று நடிக்காத வரை அது நேர்மையான தாள். ஒரே ஒருவரிடம்தான் அந்த உதிரிபாகம் கிடைக்கும் என்றால் அதையும் காரணத்தோடு எழுதலாம்.

அரசாங்கமேகூட எல்லாவற்றுக்கும் மூன்று தாள் கேட்பதில்லை. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல், 155-வது விதி என்ன சொல்கிறது தெரியுமா? குறிப்பிட்ட தொகை வரையிலான பொருளுக்கு மூன்று பேர் கொண்ட குழு சந்தையில் விசாரித்து, தரமும் விலையும் சரி என்று தாங்களே பொறுப்பேற்றுச் சான்றெழுதி வாங்கலாம். உங்கள் சங்கத்துக்கோ அலுவலகத்துக்கோ மூன்று கொட்டேஷன் விதி நடைமுறையில் ஒத்துவரவில்லை என்றால், பொதுக்குழுவில் வைத்து விதியை இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

கிடைக்காத கடைக்காரர்களுக்கும் ஒரு வரி தகவல் அனுப்புங்கள், "இந்த முறை வேறு இடத்தில் முடிவாகிவிட்டது, நன்றி" என்று. அடுத்த மோட்டார் எரியும்போது அவர்கள் போனை எடுப்பார்கள்.