மணிக்கூடு நிற்பதில்லை

நீந்தி, துவிச்சக்கர வண்டியில் விரைந்து, இறுதியில் ஓடி முடிக்கும் போட்டியே டிரையத்லன். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்திலும் மணிக்கூடு நிற்பதில்லை. பாதணி அணியும் நேரமும் கணக்கிற் சேரும். இதனை மறந்து பின் பதறுவதே புதியவர் பிழையென்பது நம் கருத்து.

நீரைவிட்டு வந்தவர், வரிசையாக நிற்கும் வண்டிகளுள் தம் வண்டியைத் தேடி அலைவதுண்டு. முன்னரே அவ்வழியை நடந்து பார்த்து, எத்தனையாவது வரிசையென எண்ணி வைத்தல் நன்று. தலைக்கவசத்தின் வாரைப் பூட்டிய பின்னரே வண்டியை எடுக்கவேண்டும். திரும்பி வந்தபின், வண்டியை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே வாரை அவிழ்க்கலாம்.

வண்டியை உருட்டிச் சென்று, நிலத்தில் வரைந்த கோட்டைக் கடந்தே ஏறவேண்டும். 2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஜொனதன் பிரவுண்லி கோட்டுக்கு முன்னரே ஏறிவிட்டார். ஓட்டத்தின் நடுவே அவர் 15 விநாடி நின்று தண்டனையை அனுபவிக்க நேர்ந்தது. தமையனார் அலிஸ்டெயர் தங்கம் வென்றார். இவருக்கு வெண்கலம் கிடைத்தது. தேர்ந்தவரையும் ஒரு கோடு தடுத்துவிட்டது!

வண்டியை விட்டு ஓடத் தொடங்குகையில் கால்கள் மரத்தாற்போற் கனக்கும். மிதித்துப் பழகிய தசைகள் ஓட்டத்துக்கு இசையச் சில நிமிடங்கள் வேண்டும். அப்போது விரைபவர் பின்னர் தளர்வர். பயிற்சியிலேயே வண்டியோட்டிய உடன் சிறிது ஓடிப் பழகியவர் அக்கனத்தைக் கண்டு அஞ்சார்.